துலங்கிய முகம் யாருடையது?

கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களோடு சில மாதங்களுக்கு முன் ஒரு வங்கிக் கிளைக்கு வந்தார். இறப்புச் சான்றிதழ் இருந்தது, ஓய்வூதிய ஆணை இருந்தது, ஆதார் அட்டையும் இருந்தது. ஆனால் ஆணையில் அவர் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. நம் நாட்டில் இது அன்றாடம் காண்பதுதான். அத்தகைய வேளைகளில் கைகொடுப்பது, ஆணையில் ஒட்டப்பட்டிருக்கும் கணவன் மனைவி கூட்டுப் புகைப்படம். இவருடைய ஆணையிலோ அது என்றோ ஈரம் பட்டு, இரண்டு சாம்பல் நிறத் திட்டுகளாக எஞ்சியிருந்தது. 'இருவரும் சேர்ந்து எடுத்த பழைய படம் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் அம்மா' என்று அலுவலர் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மகன் ஒரு படம் கொண்டு வந்தார். திருமணப் படம். கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, பளபளப்பான தாளில் அச்சிடப்பட்டிருந்தது. கண்ணிமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குத் துலக்கம். ஆனால் படத்தில் இருந்த மணப்பெண்ணின் முகவாயில் மச்சம் இல்லை. எதிரே அமர்ந்திருந்த அம்மையாருக்கு இடப்பக்க முகவாயில் நன்கு தெரியும் மச்சம் உண்டு. படத்தில் மூக்கு இருபுறமும் வெறுமையாக இருந்தது. இவர் அணிந்திருந்ததோ சிறு வயதிலேயே குத்திய இரட்டை மூக்குத்தி. மூக்கின் அகலமும் ஒத்துவரவில்லை. 'படத்தில் இருப்பவர் இவர்தானா என்பதில் ஐயம் உள்ளது' என்று அலுவலர் குறிப்பு எழுதி, கோப்பை மேலாளரின் பார்வைக்கு அனுப்பினார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஐம்பது ஆண்டு இடைவெளியில் ஒருவரை அடையாளம் காண எஞ்சி நிற்பவை மச்சமும் தழும்பும் மூக்கு, காது ஆகியவற்றின் அமைப்புமே. அவையே மாறியிருந்தால் அவர் வேறு எதைக் கொண்டு ஒப்பிடுவார்?

இதில் பொய் சொன்னவர் எவரும் இல்லை. மகன் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த படத்தைக் கைப்பேசியில் எடுத்து, செய்திச் செயலி வழியாகக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் தம் கணினியில் முகச் சீரமைப்பு என்ற பொத்தானை அழுத்தி, வந்ததை அச்சிட்டுக் கொடுத்தார். மங்கிய படம் தெளிந்துவிட்டது என்று அனைவரும் மகிழ்ந்தனர். உண்மையில் நிகழ்ந்தது தெளிவு அன்று என்பதையும், அதை எந்த எல்லைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். கைப்பேசிகளிலும் படக் கடைகளிலும் இந்தப் பொத்தான் இன்று எளிதாகக் கிடைக்கிறது. அது செய்வது இன்னது என்று அருகில் எவரும் எழுதி வைப்பதில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. திருமணப் படத்தில் மணப்பெண்ணின் முகம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உயரம் இருந்தது. கண்ணாடியின் மேல் எட்டி நின்று எடுத்து, செய்திச் செயலி சுருக்கியும் அனுப்பிய பிறகு, அந்த முகம் கடைக்காரரிடம் சென்று சேர்ந்தபோது உயரத்துக்கு 40 படப்புள்ளிகள், அகலத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,600 புள்ளிகள். பரவலாகப் புழங்கும் முகச் சீரமைப்பு மாதிரிகள் முகத்தை 512க்கு 512 என்ற சதுரமாக வரைந்து தருகின்றன. அதில் உள்ளவை 2,62,144 புள்ளிகள். படத்திலிருந்து வந்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஈடாகத் திரும்பிவந்தவை 164. அந்த ஒன்றைத் தவிர மற்றவை எங்கிருந்து வந்தன?

அவை மற்றவர்களின் முகங்களிலிருந்து வந்தன. இத்தகைய மாதிரிகள் பலவும் பயிற்சி பெறுவது எஃப்.எஃப்.எச்.க்யூ. என்ற தொகுப்பில். என்விடியா நிறுவன ஆய்வாளர்கள் ஃபிளிக்கர் இணையதளத்திலிருந்து திரட்டிய 70,000 முகப்படங்கள் அதில் உள்ளன. அந்த இணையதளத்தில் உள்ள சாய்வுகள் அனைத்தும் தொகுப்பிலும் இருக்கும் என்று அதை வெளியிட்டவர்களே குறித்திருக்கிறார்கள். பயிற்சியின்போது நல்ல படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, இரைச்சல் சேர்த்து, மாதிரியிடம் கொடுப்பர். அது மூலப்படத்தை மீண்டும் வரைய வேண்டும். இலட்சக்கணக்கான முறை இவ்வாறு பழகிய மாதிரி, 'இப்படி மங்கலான கண் இருந்தால், அசல் கண் பெரும்பாலும் இப்படி இருக்கும்' என்று கற்றுக்கொள்கிறது. 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முகவாயில் மச்சம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இருபுறமும் மூக்குத்தி இல்லை.

நம் அம்மையாரின் மச்சத்துக்கு என்ன ஆயிற்று என்பதும் இதே கணக்கில் விளங்கும். மனித முகத்தின் உயரம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் என்று கொண்டால், அதை 40 புள்ளிகளில் அடக்கும்போது ஒரு புள்ளிக்கு 5 மில்லிமீட்டர். அவருடைய மச்சத்தின் அளவும் அதுவே. ஆக அந்த மச்சம் படத்தில் ஒரே ஒரு கரும்புள்ளி. கண்ணாடிமேல் படிந்த தூசும் ஒரு கரும்புள்ளி. படம் சுருங்கும்போது தோன்றும் சிதைவும் ஒரு கரும்புள்ளி. தூசைத் துடைக்கப் பழக்கப்பட்ட மாதிரி மச்சத்தையும் துடைத்தது. மூக்குத்தியின் கதியும் அதுவே. அம்மைத் தழும்பு, புருவத்தில் சிறு வெட்டு, நெற்றித் திருநீறு என எது சிறியதோ, எது ஒருவருக்கே உரியதோ, அதுவே முதலில் போகிறது. கூட்டத்தில் ஒருவரைத் தனித்துக் காட்டும் குறிகள் அனைத்தும் மாதிரியின் பார்வையில் பழுதுகள்.

இங்கே ஒரு வினா எழலாம். தெரியாத இடத்தை ஏன் தெரியாததாகவே விட்டு வைக்கக் கூடாது? விட்டு வைக்க முடியும். ஒரு மங்கிய முகத்துக்குப் பின்னால் நூறு வெவ்வேறு முகங்கள் இருந்திருக்க முடியும் என்றால், அந்த நூறின் சராசரியை வரைவது ஒரு வழி. அளந்து பார்த்தால் அதில்தான் பிழை குறைவு. ஆனால் சராசரி முகம் எப்போதும் மங்கலாகவே இருக்கும். அதைப் பார்த்து எவரும் பணம் கொடுக்க மாட்டார். ஆகவே பயிற்சியில் இன்னொரு மாதிரியை நடுவராக அமர்த்துகிறார்கள். வரைந்த படம் உண்மையான நிழற்படம்போல் இருக்கிறதா என்பது மட்டுமே அந்த நடுவரின் வினா. மங்கலாக இருந்தால் அது நிராகரிக்கும். இந்தக் கண்டிப்புக்குப் பயந்த மாதிரி, நூறு முகங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதையே திட்டவட்டமாக, கூர்மையாக வரைந்துவிடுகிறது. கண்ணுக்கு இயல்பாகத் தோன்றுவதும் மூலத்தோடு ஒத்திருப்பதும் ஓர் எல்லைக்குப் பின் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியவை என்பதை இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் பிளாவும் மிக்கேலியும் 2018ஆம் ஆண்டிலேயே கணித முறையில் நிறுவியிருக்கிறார்கள். இது ஒரு செயலியின் குறை அன்று. அடுத்த பதிப்பில் திருத்திவிடக்கூடியதும் அன்று. மங்கல் என்பது 'எனக்குத் தெரியவில்லை' என்று படம் சொல்லும் முறை. கூர்மையாக்கும் மாதிரி அந்த வாக்கியத்தை அழித்துவிடுகிறது.

இதற்கு உலகறிந்த சான்று 2020இல் கிடைத்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'பல்ஸ்' என்ற முறையை வெளியிட்டனர். பக்கத்துக்கு 16 புள்ளிகளே உள்ள முகப்படத்தை அது 1,024 புள்ளிகளாக விரித்துக் காட்டியது. ஜூன் மாதத்தில் ஒருவர் முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவின் படத்தைச் சிறிதாக்கி அதில் இட்டார். திரும்பி வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். மங்கிய சிறு படத்தைப் பார்த்த எவரும் ஒபாமா என்று சொல்லிவிடுவர். மாதிரிக்கு அது தெரியவில்லை. இதில் பலரும் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. அந்த வெள்ளைக்காரர் படத்தை மீண்டும் 16 புள்ளிகளாகச் சுருக்கினால், கொடுத்த சிறு படத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகும். அந்த முறையின் நிபந்தனையே அதுதான். அதாவது மாதிரி தனக்குத் தரப்பட்ட சான்று எதையும் பெரிதாக மீறவில்லை. மீறாமலேயே ஆளை மாற்றிவிட்டது. 'சுருக்கிப் பார்த்தால் சரியாக இருக்கிறதே' என்று எவராவது வாதிட்டால், இந்த நிகழ்வை நினைவூட்டலாம்.

இன்று பரவலாகப் புழங்கும் இரு மாதிரிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, டென்சென்ட் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2021இல் வெளியிட்ட ஜி.எஃப்.பி.கேன். அதன் 1.2 என்ற பதிப்பு கூர்மையானது, ஒப்பனை செய்தாற்போன்ற முகம் தரும், 1.3 பதிப்பில் முகம் இயல்பாக இருக்கும், ஆனால் ஆளடையாளம் சற்று மாறும். இதைச் சொல்வது நாம் அல்லோம். அதை உருவாக்கியவர்களே தங்கள் விளக்கக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய நேர்மை பாராட்டுக்குரியது. அந்த மாதிரியைச் செயலிக்குள் பொதித்து விற்பவர்கள் அந்த வரியை மட்டும் கூடவே எடுத்துவருவதில்லை.

மற்றொன்று, சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2022இல் உருவான கோட்ஃபார்மர். இது இயங்கும் முறை எளிதில் விளங்கக்கூடியது. பழைய அச்சகங்களில் ஈய எழுத்துகள் அறைகளில் அடுக்கப்பட்டிருக்கும் அல்லவா? அதுபோல் இம்மாதிரியிடம் நல்ல முகங்களிலிருந்து கற்ற 1,024 உருக்கூறுகள் இருப்பில் உள்ளன. முகத்தை 16க்கு 16 என 256 கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இருப்பிலிருந்து பொருத்தமான ஒன்றைத் தேர்ந்து கோக்கிறது. அச்சுக் கோப்பவரிடம் இல்லாத எழுத்தை அவரால் அச்சிட முடியாது. ஆனால் இந்த மாதிரியை அமைத்தவர்கள் ஒரு திருகையும் வைத்திருக்கிறார்கள். அதற்கு w என்று பெயர். 0 முதல் 1 வரை திருப்பலாம். 0 பக்கம் திருப்பினால் மாதிரி தன் இருப்பையே நம்பும்; படம் மிக அழகாக இருக்கும். 1 பக்கம் திருப்பினால் நாம் கொடுத்த படத்தின் கூறுகளை அதிகமாக உள்ளே விடும். அழகு குறையும், ஒப்புமை கூடும். சில செயலிகளில் இது 'உண்மைத்தன்மை' என்ற பொருள்படும் சொல்லோடு நகர்த்துகோலாகத் தெரியும். பலவற்றில் தெரியவே தெரியாது. அழகான பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருப்பார்கள்.

இனி, இதை எவ்வாறு கட்டுக்குள் வைப்பது? கடைக்குப் போகும் முன்பே செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றிலும் பெரிது. சட்டத்திலிருந்து மூலப்படத்தை வெளியே எடுத்து, ஸ்கேனரில் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் பதிவு செய்யுங்கள். அதே 12 மில்லிமீட்டர் முகம் இப்போது 283 புள்ளிகள் உயரம் பெறும். முன்பு ஒன்றுக்கு 164 என்று வந்த விகிதம் இப்போது ஒன்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். ஒற்றைப் புள்ளியாக இருந்த மச்சம் ஏழு புள்ளி அகலம் பெறும். அதைத் தூசு என்று தள்ளுவது இனி அவ்வளவு எளிதன்று. இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு ஸ்கேன் கட்டணம் மட்டுமே. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம். தாளின் மேற்பூச்சு உரிந்துவிடும். அப்போது நல்ல பகல் வெளிச்சத்தில், கைப்பேசியை நெருக்கமாகவும் நேராகவும் பிடித்துப் படமெடுத்து, செய்திச் செயலியில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். கோப்பாக அனுப்பினால் சுருக்கம் நேராது.

ஸ்கேன் செய்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் அங்கேயே நின்றுவிடலாம் என்பது நம் எண்ணம். முகம் போதிய அளவு தெரிகிறது என்றால், மாதிரி எதற்கு? மஞ்சள் படர்ந்த நிறத்தைச் சரிசெய்வதும், கீறலைக் கையால் நிரப்புவதும், வெளிச்சத்தைக் கூட்டுவதும் முகத்தை மாற்றா. படம் முழுவதையும் பெரிதாக்க வேண்டுமானால் பொதுவான பெரிதாக்கும் மென்பொருளே போதும். அதில் முகத்துக்கென்று தனியே உள்ள தெரிவை மட்டும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ரியல்-எஸ்ர்கேன் போன்ற பெரிதாக்கிகளில் முகத்தெரிவை இயக்கினால் உள்ளே வேலை செய்வது மேலே சொன்ன ஜி.எஃப்.பி.கேன் மாதிரியே. அணைத்தால் சேலைக் கரையும் பின்திரையும் துலங்கும். முகத்தின் மேல் தனியாக எதுவும் வரையப்படாது.

முகம் மிகவும் சிதைந்து, மாதிரியின்றி வேறு வழி இல்லை என்னும் நிலையும் உண்டு. அப்போது ஒரே படத்தை w அளவு 0.3, 0.6, 0.9 என மூன்று முறை ஓட்டச் சொல்லி, மூன்றையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒரே இடத்தில் மாறும்போது மூக்கு அசைவதும் புருவம் உயர்வதும் கண்ணில் குத்தும். எது மூன்றிலும் மாறுகிறதோ அது மாதிரியின் ஊகம் என்று கொள்ளலாம். மாறாதது எல்லாம் உண்மை என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம். ஒரே ஊகத்தை மூன்று முறையும் மாதிரி செய்திருக்கலாம். மூக்குத்தி மூன்றிலும் இல்லாமல் போகலாம் அல்லவா?

பிறகு 0.9இல் கிடைத்ததை அடியில் வைத்து, மூல ஸ்கேனை அதன் மேல் பாதி ஒளிபுகும் படலமாக இடச் சொல்லுங்கள். எந்தப் படத்தொகுப்பு மென்பொருளிலும் இது இரண்டு நிமிட வேலை. மச்சம், மூக்குத்தி, தழும்பு, காது, உதட்டின் ஓரம் ஆகிய இடங்களில் மேல் படலத்தை முழுமையாக்கி, மூலப்படமே தெரியும்படி விட வேண்டும். கண்களை நாம் தனியாகச் சொல்கிறோம். மங்கிய படத்தில் பார்வை எங்கே செல்கிறது என்று அறிவது அரிது. மாதிரியோ பாவையை வட்டமாக வரைந்து, அதில் இன்றைய நிழற்படக் கூடத்து ஒளிப்புள்ளி ஒன்றையும் வைத்து, நேரே நம்மை நோக்கச் செய்துவிடும். நாணத்தோடு சற்றே தாழ்ந்த பார்வை, துணிந்த பார்வையாகிவிடும். வீட்டார் 'ஏதோ பாட்டி மாதிரி இல்லையே' என்று சொல்லிவிட்டு, என்ன குறை என்று சொல்ல முடியாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். வீட்டில் வயதில் மூத்தவர் ஒருவரிடம் காட்டிக் கேட்பது நாம் அறிந்த சோதனைகளில் சிறந்தது. அவரிடம் 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்க வேண்டாம். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வர். 'இது யார்' என்று கேளுங்கள்.

முக ஒப்பீட்டு மென்பொருளை வைத்துச் சரிபார்க்கலாமே என்று சில கடைக்காரர்கள் சொல்வதுண்டு. இரண்டு படங்களும் 90 விழுக்காடு ஒத்துப்போகின்றன என்று திரையில் காட்டுவர். ஜி.எஃப்.பி.கேன் மாதிரியின் பயிற்சியிலேயே, ஆர்க்ஃபேஸ் என்ற முக ஒப்பீட்டு முறை, அடையாளம் மாறாதிருக்கிறதா என்று மதிப்பெண் இடும் கருவியாகப் பயன்பட்டிருக்கிறது. தேர்வு வைக்கப்போகும் ஆசிரியரிடமே தனிப்பாடம் படித்த மாணவன் நல்ல மதிப்பெண் வாங்குவதில் வியப்பில்லை. மச்சத்தைப் பற்றி அந்த மதிப்பெண் எதுவும் சொல்லாது.

வங்கியின் முகப்புக்கு வருவோம். இங்கே நம் நிலைப்பாடு கடுமையானது. சிலருக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆளை அடையாளம் காட்டுவதற்காகத் தரும் எந்தப் படத்திலும் முகச் சீரமைப்பு எந்த அளவிலும் இருக்கக் கூடாது. w அளவு 0.9 ஆனாலும் கூடாது. 'மங்கலான படத்தைக் கொடுத்தால் திருப்பி அனுப்புகிறீர்கள், தெளிவாக்கிக் கொடுத்தால் ஐயப்படுகிறீர்கள், நாங்கள் என்னதான் செய்வது' என்று வாடிக்கையாளர் கேட்பது நியாயம். அதனால் கிளைகளுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். பழைய படம் மங்கலாக இருப்பது அதன் இயல்பு. அந்தக் காரணத்துக்காக மட்டும் அதை மறுக்க வேண்டாம். தொலைவிலிருந்து பார்த்தாலே முகத்தின் அமைப்பும் தலைச் சாய்வும் தெரியும் மங்கிய மூலப்படம், ஓர் அந்நியரைத் துல்லியமாகக் காட்டும் புதிய படத்தைவிட அலுவலருக்கு அதிகம் சொல்லும். வேறு தாள்களோடு சேர்த்து அதை எடைபோடலாம்.

காணொலி வழியே கே.ஒய்.சி. செய்யும்போதும், முகத்தைக் காட்டி உயிர்வாழ்வுச் சான்று அளிக்கும்போதும் படம் அந்த நேரத்திலேயே நேரடியாக எடுக்கப்படுவதால் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. கவனம் தேவைப்படுவது, வாடிக்கையாளர் தாமே ஏற்றும் படங்களிலும் படிவத்தில் ஒட்டும் கடவுச்சீட்டு அளவுப் படங்களிலும். கைப்பேசியின் முன்புறக் கேமராவில் அழகூட்டும் அமைப்பு சிலவற்றில் தொடக்கத்திலிருந்தே இயங்கிக்கொண்டிருக்கும், அணைத்துவிட்டு எடுங்கள். கடையில் எடுப்பதானால் 'முகத்தைத் தொடாமல் கொடுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்த படத்தில் உங்கள் மச்சத்தைத் தேடுங்கள். தோலில் துளைகளே இல்லாமல் மெழுகு பூசினாற்போல் இருந்தாலோ, முகம் மட்டும் கூர்மையாகவும் காதும் கழுத்தும் தலைமுடியின் ஓரமும் மங்கலாகவும் இருந்தாலோ, அங்கே மாதிரியின் கை பட்டிருக்கிறது என்று அறியலாம். அம்மையாரின் திருமணப் படத்தில் அந்தக் குறி தெளிவாகவே இருந்தது: முகத்தில் இமைமயிரை எண்ணலாம், அரை அங்குலம் தள்ளி, காதில் தொங்கிய நகை என்னவென்று சொல்ல முடியாது. அதை அன்றே கவனித்திருந்தால் அலுவலர் ஆளை ஐயப்படுவதற்கு முன் படத்தை ஐயப்பட்டிருப்பார்.

பூசை அறையில் மாட்டும் படத்துக்கு வங்கி விதி எதற்கு என்று கேட்பீர்கள். அங்கே தீர்மானிப்பது குடும்பத்தார். மூலப்படத்தில் முகமே தெரியாதபோது, ஏறக்குறைய இப்படி இருந்திருப்பார் என்று ஒரு படம் இருப்பதில் ஆறுதல் உண்டு. ஓவியர் வரைந்து கொடுத்ததை நம் முன்னோர் மாட்டவில்லையா? ஓவியம் என்று அனைவருக்கும் தெரிந்திருந்தது என்பதே வேறுபாடு. நிழற்படம்போல் தோன்றும் இதை, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளை மூலப்படம் என்றே எண்ணுவார். அதிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து, அதையும் சீரமைப்பார். முகம் இன்னும் ஒரு படி விலகும். ஆகவே பின்புறத்தில் பென்சிலால் 'முகம் கணினியால் சீரமைக்கப்பட்டது' என்றும் ஆண்டையும் எழுதி வையுங்கள். சீரமைக்காத ஸ்கேன் கோப்பைத் தனியே சேமியுங்கள். கடையிலிருந்து அதையும் கேட்டு வாங்குங்கள். மூலத்தாளை எக்காரணம் கொண்டும் எறிய வேண்டாம்.

அம்மையாரின் மகன் நல்லவேளையாக எறியவில்லை. மேலாளர் கேட்டதும், சட்டத்தைப் பிரித்து மூலப்படத்தையே கொண்டு வந்தார். ஓரங்கள் அரித்துப்போய், நடுவில் ஒரு மடிப்புக் கோடு ஓடிய படம். அலுவலர் அதை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். முகவாயின் இடப்புறம் ஒரு கரும்புள்ளி. மூக்கின் இருபுறமும் இரண்டு வெண்புள்ளிகள். பெயர் வேறுபாட்டுக்கான உறுதிமொழியையும் சேர்த்து அன்றே கோப்பு மேலே சென்றது. கடையில் அச்சிட்ட படத்தை என்ன செய்வது என்று மகன் கேட்டார். அம்மையார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கணவர் முகத்தின்மேல் விரலை வைத்து, 'இவர்கூட யாரோதான்' என்றார். கிளையில் இருந்த எவரும் அதுவரை அவருடைய கணவரின் முகத்தை ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை.